முதல் நாற்பது எழுத்து: நெய்வேலி அப்ரண்டிஸ் தம்பி, தங்கைகளுக்கு ஒரு மடல்

நெய்வேலியில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்து, வெளியூரில் வேலை தேடும் தம்பி, தங்கைகளுக்கு,

ஐ.டி.ஐ. முடித்து, சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஓராண்டு பயிற்சியும் முடித்து, தேர்வெழுதி என்.ஏ.சி. சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்கள். பயிற்சி கொடுத்த நிறுவனமே வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்களில் பலர் அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனங்களுக்கும் மெயில் அனுப்புகிறீர்கள். அந்த மெயில்கள் வந்து சேரும் இடங்களில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆலைப் பராமரிப்பு வேலைகளுக்கு ஆள் எடுப்பது என் தொழில். நெய்வேலி வட்டம் ஒன்றில் வளர்ந்தவன் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

எழுதப்போவது ஒரே ஒரு வரியைப் பற்றி. மெயிலில் சப்ஜெக்ட் என்று இருக்கிறதே, அந்த வரி.

ஒரு விளம்பரம் வெளியானதும் வரும் மெயில்களை நான் மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பேன் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் போனில்தான் பார்ப்பேன். ஆலை வாசலில் கேட் பாஸுக்குக் காத்திருக்கும்போது, ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்கும் முன்பு, விரலால் தள்ளிக்கொண்டே போவேன். ஒவ்வொரு மெயிலுக்கும் மூன்று விஷயங்கள்தான் கண்ணில் படும்: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட் வரியின் தொடக்கம், மெயிலின் முதல் சில சொற்கள். போனின் அகலத்தையும் எழுத்தின் அளவையும் பொறுத்து, சப்ஜெக்டில் சுமார் முப்பத்தைந்து முதல் நாற்பது எழுத்துகள் தெரியும். மீதியெல்லாம் மூன்று புள்ளிக்குள் போய்விடும். கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். இப்போதே திறப்பதா, பிறகு பார்ப்பதா, விட்டுவிடுவதா என்பதை அந்த நாற்பது எழுத்தை வைத்து முடிவு செய்கிறேன். நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

நம்மூர்ப் பிள்ளைகள் அந்த நாற்பது எழுத்தில் என்ன எழுதுகிறார்கள்? அடிக்கடி வரும் ஒன்று இது:

```
Respected Sir/Madam, I am applying for the suitable job in your esteemed company
```

இதில் என் போனில் தெரிவது இவ்வளவுதான்:

```
Respected Sir/Madam, I am applying for…
```

மரியாதை முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. என்ன வேலை என்பது வரவில்லை. முழு வரியும் தெரிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அதில் வேலையின் பெயரே கிடையாது. எந்த வேலையானாலும் சரி என்பதை நாம் அடக்கம் என்று நினைக்கிறோம். என் பக்கத்திலிருந்து பார்த்தால், இந்த மெயிலை எந்த வேலைக்கான பட்டியலில் சேர்ப்பது என்ற முடிவை என் தலையில் கட்டுவதாக இருக்கிறது. நேரமில்லாத நாளில் அந்த முடிவை நான் எடுப்பதே இல்லை.

இன்னொரு வகை, கொஞ்சம் கவனமாக எழுதியது:

```
Application for the post of Mechanical Fitter (Conveyor) - Reg.
```

இதில் வேலையின் பெயர் இருக்கிறது. ஆனால் பெயருக்கு முன்னால் இருக்கும் சொற்களே இருபத்தெட்டு இடங்களைத் தின்றுவிடுகின்றன. போனில் எனக்கு `Application for the post of Mechanical F…` என்று நிற்கும். கன்வேயர் என்ற சொல்லைத்தான் நான் தேடிக்கொண்டிருப்பேன். அது புள்ளிகளுக்குள் போய்விட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் அப்பாவோ அம்மாவோ லீவுக்கும் குவார்ட்டர்ஸ் மாற்றத்துக்கும் எழுதிய விண்ணப்பங்களைப் பார்த்துத்தான் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டோம். அலுவலகக் கடிதத்தில் பொருள் என்று ஒரு வரி, பார்வை என்று ஒரு வரி. பொருள் வரி பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கும்: முதலில் துறை, பிறகு பிரிவு, பிறகு இன்னது வேண்டுதல், கடைசியில் தொடர்பாக. ஆங்கிலத்தில் அந்தத் தொடர்பாகதான் `Reg.` என்று வால் போல ஒட்டியிருக்கிறது. அந்த முறையில் தவறு ஒன்றுமில்லை. காகிதத்தில் முழு வரியும் தெரியும். அதைப் பிரிப்பவர் கடைசிவரை படித்து, சரியான கோப்பில் சேர்ப்பார். மெயிலில் வரியின் வால் வெட்டப்படுகிறது. அலுவலகக் கடிதத்தில் விஷயம் எங்கே இருக்குமோ, அந்த இடம்தான் வெட்டுப்படுகிறது. ஆகவே வரியைத் தலைகீழாக்க வேண்டும். சிறியது, குறிப்பானது, தேடப்படுவது எதுவோ அது முதலில் வர வேண்டும்.

ஒரு கதையாகவே எடுத்துக்கொள்வோம். ஃபிட்டர் டிரேடு. ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு. பிறகு சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் ஓராண்டு அப்ரண்டிஸ். அதன்பின் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து, அதே மாதிரி கன்வேயர் லைனில் இரண்டாண்டு வேலை. ரோலர் மாற்றுவது, புல்லி கழற்றி மாட்டுவது, கியர்பாக்ஸ் அலைன்மென்ட், பெல்ட் ஒரு பக்கமாக ஓடினால் சரிசெய்வது எல்லாம் கைவந்த வேலை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் கன்வேயருக்கு மெக்கானிக்கல் ஃபிட்டர் வேண்டும், இரண்டு முதல் நான்காண்டு அனுபவம் வேண்டும், குறிப்பு எண் MF-07 என்று ஒரு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்வோம். பெல்ட்டில் லிக்னைட் போனால் என்ன, சுண்ணாம்புக்கல் போனால் என்ன, ரோலர் தேய்வதும் பெல்ட் விலகுவதும் ஒரே மாதிரிதான். இவர் அந்த வேலைக்கு ஏற்ற ஆள். அதை எனக்கு நாற்பது எழுத்தில் எப்படிச் சொல்வது?

முதலில் வர வேண்டியது குறிப்பு எண். விளம்பரத்தில் எண் கொடுத்து, அதை சப்ஜெக்டில் எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தால், அது அலங்காரத்துக்கு அல்ல. ஒரே நேரத்தில் நான்கைந்து வேலைகளுக்கு ஆள் தேடும்போது, அந்த எண்ணைப் பிடித்துத்தான் மெயில்களைத் தனித்தனி ஃபோல்டருக்குப் போகும்படி அமைத்திருப்போம். எண் இல்லாத மெயில் பொதுக்குவியலில் கிடக்கும். எண்ணை விளம்பரத்தில் இருப்பது போலவே எழுதுங்கள். `MF-07` என்று இருந்தால் `MF 7` என்று சுருக்க வேண்டாம், ஃபில்டருக்கு ஊகிக்கத் தெரியாது.

அடுத்து வேலையின் பெயர். அதையும் விளம்பரத்தின் சொல்லிலேயே எழுதுங்கள், உங்கள் டிரேடின் சிறப்போடு சேர்த்து. வெறும் ஃபிட்டர் என்றால் பெரிய கூட்டம். கன்வேயர் ஃபிட்டர் என்றால் சிலர்தான். எழுத்துப் பிழையை இங்கே ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். `Conveyer` என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஒரு மாதம் கழித்து நான் மெயிலில் `conveyor` என்று தேடும்போது அவர்கள் அகப்படாமல் போகலாம். போனின் தானியங்கித் திருத்தம் `Fitter` என்பதை `Filter` ஆக்கி அனுப்பிவிடுவதும் உண்டு. ஃபில்டர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். திறந்தும் பார்த்திருக்கிறோம், ஆனால் எல்லோரும் திறக்க மாட்டார்கள்.

மூன்றாவது, அனுபவம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கதையில் வரும் தம்பிக்கு எத்தனை ஆண்டு அனுபவம்? அப்ரண்டிஸ் ஓராண்டையும் சேர்த்து மூன்று என்று எழுதத் தோன்றும். சில நிறுவனங்கள் அப்படிக் கணக்கிடும். பல நிறுவனங்கள் பயிற்சிக் காலத்தை அனுபவமாக எடுத்துக்கொள்ளாது. மூன்று என்று படித்துவிட்டுத் திறந்து, உள்ளே இரண்டு என்று கண்டால், மற்ற விவரங்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். இரண்டாண்டு, கூடவே என்.ஏ.சி. என்று பிரித்து எழுதினால் இரண்டு வகை நிறுவனத்துக்கும் சரியாக இருக்கும். என்.ஏ.சி. என்பது மூன்றே எழுத்து. பயிற்சி முடித்து, தேர்விலும் தேறியவர் என்ற இரண்டு செய்தியை அது சொல்லிவிடுகிறது. ஐ.டி.ஐ. விவரம் பயோடேட்டாவில் இருந்தால் போதும்.

அதேபோல், ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்துவிட்டு சப்ஜெக்டில் என்.எல்.சி. ஊழியர் என்று எழுதாதீர்கள். வேலை செய்த இடம் சுரங்கம்தான், சம்பளம் போட்டது வேறொருவர். பி.எஃப். கணக்கின் பதிவில் ஒப்பந்தக்காரர் பெயர்தான் இருக்கும். சேரும் நேரத்தில் அதைப் பார்ப்போம். நெய்வேலி என்று ஊர்ப் பெயரை எழுதுங்கள், அதில் பொய் இல்லை. கன்வேயர் தெரிந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே போதும்.

இதையெல்லாம் சேர்த்தால் வரி இப்படி வரும்:

```
MF-07 Conveyor Fitter, 2 yrs + NAC, Neyveli
```

மொத்தம் நாற்பத்து மூன்று எழுத்து. முப்பத்து நான்காவது எழுத்திலேயே எனக்கு வேண்டியதெல்லாம் முடிந்துவிடுகிறது. கடைசிச் சொல் வெட்டப்பட்டாலும் நஷ்டமில்லை. இந்த வரியைப் பார்த்தால் அந்த இடத்திலேயே திறப்பேன். திறந்து, பயோடேட்டா சரியாக இருந்தால், ஆலையில் இருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்வேன். அப்போது உங்கள் வரியின் முன்னால் `Fwd:` மட்டும் சேரும், மற்றது உங்கள் எழுத்தாகவே அவருக்குப் போகும். அவருக்கு என்னைவிட நேரம் குறைவு. அவர் தமிழ் தெரியாதவராகவும் இருக்கலாம். அதனால்தான் இந்த வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறேன். உள்ளே என்னோடு தமிழில் பேசினால் எனக்கு மகிழ்ச்சியே.

விளம்பரத்தில் குறிப்பு எண் இல்லாவிட்டால், அந்த இடத்தில் எதையாவது கற்பித்துப் போடாதீர்கள். வேலையின் பெயரில் தொடங்கி, வேலை நடக்கும் ஊரைச் சேர்த்துவிடுங்கள்:

```
Conveyor Fitter, Ariyalur - 2 yrs + NAC
```

இரண்டாண்டு வேலை இல்லை, அப்ரண்டிஸ் மட்டும்தான் முடித்திருக்கிறேன் என்பவர்கள் அனுபவத்தின் இடத்தில் `NAC` என்பதையும் முடித்த ஆண்டையும் எழுதுங்கள். புதியவர் என்பதை மறைக்க வேண்டாம். புதியவர்களையே கேட்கும் விளம்பரங்களும் உண்டு, அங்கே அதுதான் உங்கள் மெயிலைத் திறக்க வைக்கும்.

இனி நம்மூர்ச் சொற்களைப் பற்றி. நெய்வேலியில் பேசும்போது பாதி வாக்கியம் சுருக்கப்பெயர்களாகவே இருக்கும். பி.டபிள்யூ.இ., எஸ்.எம்.இ., ஜி.டபிள்யூ.சி. என்றால் டீக்கடையில்கூட விளக்கம் தேவையில்லை. ஆனால் `2 yrs in SME, Mine-II` என்று சப்ஜெக்டில் எழுதினால், வெளியூர் எச்.ஆர். அதைச் சிறுதொழில் என்று படிப்பார். நம் சிறப்புச் சுரங்க இயந்திரங்கள் அவர் நினைவுக்கு வரவே வராது. படிப்பவர் யார் என்று பார்த்து எழுதுங்கள். வேறொரு சுரங்க நிறுவனம் வாளிச்சக்கர இயந்திரத்துக்கு ஆள் கேட்டால், `BWE 1400L` என்று எழுதுவது தங்கம். 700 லிட்டர் வாளியா, 1400 லிட்டர் வாளியா என்பதிலேயே உங்கள் வேலையின் எடை அவருக்குப் புரிந்துவிடும். அதையே கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு எழுதினால் ஒன்றும் புரியாது. அங்கே கியர்பாக்ஸ், பேரிங், ஹைட்ராலிக் என்று அவர்கள் தளத்திலும் இருக்கும் சொல்லைத் தேடிப் போடுங்கள்.

மற்ற டிரேடுகளுக்கும் இதேதான். எலெக்ட்ரீஷியன் என்றால் அனல்மின் நிலையத்தின் எண்ணை விட, எந்த இயந்திரத்தில் கை வைத்தீர்கள் என்பது முக்கியம். உயர் மின்னழுத்த மோட்டாரா, சுவிட்ச்கியரா, வயரிங்கா? வெல்டர்களுக்கு இந்த வரி இன்னும் எளிது. வெல்டரைத் தேடுகிறவர் கேட்கும் முதல் கேள்வி எந்த பொசிஷன், எந்த முறை என்பதுதான். சாய்த்து வைத்த குழாயைச் சுற்றி வெல்டிங் செய்து 6ஜி டெஸ்டில் தேறியவர் என்றால், அதற்கு முன்னால் எந்தச் சொல்லும் வரக் கூடாது, வெல்டர் என்பதைத் தவிர:

```
Welder 6G TIG+ARC, boiler tube, 3 yrs
```

இதில் ஒரு வினைச்சொல்கூட இல்லை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சப்ஜெக்டை ஒட்டி இரண்டு பக்கமும் இருப்பவை அனுப்பியவர் பெயரும் மெயிலின் முதல் வரியும். பஜார் பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினால் சில நேரம் கடையின் பெயரிலேயே மெயில் வருகிறது. அண்ணன் மெயிலில் இருந்து தம்பி அனுப்புவதும் நடக்கிறது. நேர்காணலுக்குக் கூப்பிட்டால் வேறு ஆள் பதில் சொல்கிறார். சொந்தக் கணக்கு வைத்துக்கொண்டு, அதில் சான்றிதழில் உள்ள பெயரையே போடுங்கள். பள்ளியில் விளையாட்டாக வைத்த பட்டப்பெயர் எனக்கு வேண்டாம். மெயிலின் முதல் வரியில் சப்ஜெக்டில் சொன்னதையே திரும்பச் சொல்லாமல், அதில் இடம் இல்லாமல் விட்டதைச் சொல்லுங்கள்: எத்தனை நாளில் சேர முடியும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் வேலை என்றால் சேரும் நாள்தான் எல்லாம். அப்போது மட்டும் அதை சப்ஜெக்டுக்கே கொண்டு வாருங்கள், ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு `join in 7 days` என்று.

போனில் பயோடேட்டாவைத் திறந்து, அங்கிருந்தே பகிர் என்று அழுத்தி மெயில் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில ஆப்கள் கோப்பின் பெயரையே சப்ஜெக்டில் நிரப்பிவிடும். ஸ்கேன் செய்த தேதியும் நேரமும் மட்டும் சப்ஜெக்டாக வரும் மெயில்கள் எனக்கு நிறைய வருகின்றன. சிலவற்றில் சப்ஜெக்டே இருக்காது. ஏற்கெனவே பத்து நிறுவனங்களுக்குப் போன மெயிலை ஃபார்வர்டு செய்து, `Fwd: Fwd: Resume` என்று அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். முந்தைய நிறுவனங்களின் முகவரிகளும் அதில் தொங்கிக்கொண்டு வரும். `URGENT`, மூன்று ஆச்சரியக்குறி, முழுக்கப் பெரிய எழுத்து, இவையும் வேண்டாம். அவசரம் உங்களுடையது. என் அவசரம் கன்வேயர் ஃபிட்டர்.

பதில் வந்த பிறகு சப்ஜெக்டைத் தொடாதீர்கள். டிரேடு டெஸ்டுக்கு வாருங்கள் என்று நான் எழுதினால், அதற்கே ரிப்ளை கொடுங்கள். புது மெயிலில் `Yes sir coming` என்று அனுப்பினால், யார், எந்த டெஸ்டுக்கு என்று நான் தேட வேண்டியிருக்கும். அதே நிறுவனத்தில் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும், பழைய மெயிலை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். என்.எல்.சி. வேலைக்கு இந்த வரி உதவாது. அங்கே அறிவிப்பு வந்தால் அவர்களுடைய இணையதளத்தில் பதிவு செய்வதுதான் வழி. மெயிலில் பயோடேட்டா அனுப்பிப் பலன் இல்லை. பதிவில் ஏதாவது சிக்கல் என்று மெயில் எழுத நேர்ந்தால் அப்போது விளம்பர எண்ணும் உங்கள் பதிவு எண்ணும் சப்ஜெக்டின் தொடக்கத்தில் இருக்கட்டும்.

இந்த வரி மெயிலைத் திறக்க வைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டாண்டு கேட்கும் இடத்தில் இரண்டு மாதத்தை இரண்டாண்டாக அது மாற்றாது. ஆள் எடுத்து முடித்த வேலையை மறுபடி திறக்கவும் செய்யாது. ஆனால் தகுதியிருந்தும் திறக்கப்படாமல் கிடக்கும் மெயில்கள் நம்மூரிலிருந்து வருவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள். அதே மெயிலை முதலில் உங்கள் நண்பர் ஒருவருக்கு அனுப்புங்கள், உங்கள் டிரேடு அல்லாதவராக இருந்தால் நல்லது. திறக்காமல், பட்டியலில் தெரிவதை மட்டும் பார்த்து, இது என்ன வேலைக்கு, எத்தனை ஆண்டு அனுபவம் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் வரியை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மடலில் உள்ள வரிகளை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடாதீர்கள். MF-07 நான் கற்பனையாகப் போட்ட எண். உங்கள் விளம்பரத்தில் இருக்கும் எண்ணைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன் ஒருவன்